ஊர்க் கணக்கில் ஓடும் ஆட்டோ டெபிட்: வெளிநாட்டில் இருப்பவர் நிறுத்தவா, வைத்துக்கொள்ளவா, வீட்டுக்கு மாற்றவா?

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி பக்கத்திலிருந்து வெளிநாடு போன சபுராளிகள் கேட்கும் பணக் கேள்விகளில் ஒன்று அடிக்கடி திரும்பி வருகிறது. ஊரில் இருந்தபோது போட்ட ஆட்டோ டெபிட் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பழைய கணக்கில் பணம் இல்லை, வங்கி அபராதம் போடுகிறது, என்ன செய்வது? கணக்கை மூடிவிடலாமா, மனைவி கணக்குக்கு மாற்றலாமா, இங்கே வாங்கிய கார்டைக் கொடுத்துவிடலாமா?

ஒருவருடைய கணக்கை வைத்தே இதைப் பார்ப்போம். பெரியபட்டினத்துக்காரர், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவருடைய பழைய சேமிப்புக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஐந்து பிடித்தம். பைக் கடன் தவணை 3,450 ரூபாய், ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 1,920, மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி 1,000, படம் பார்க்கும் ஆப் 299, போனில் படங்களைச் சேமிக்கும் சந்தா 130. மொத்தம் 6,799 ரூபாய்.

அவர் சம்பளப் பணத்தை நேராக மனைவி கணக்குக்கு அனுப்பினார். அது சரிதான். ஆனால் பிடித்தம் எல்லாம் அவர் கணக்கில் இருந்தது, அந்தக் கணக்கு வற்றியது. முதல் மாதம் தவணை, பிரீமியம், எஸ்ஐபி மூன்றும் திரும்பின. அவருடைய வங்கி ஒவ்வொன்றுக்கும் 250 ரூபாயும் 18% ஜிஎஸ்டியும் சேர்த்து 295 போட்டது. மூன்றுக்கு 885. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 500.

விஷயம் தெரிந்ததும் தவணைக்கு என்று 4,000 ரூபாய் போட்டுவிட்டார். வங்கி பாக்கி நின்ற 885-ஐ முதலில் எடுத்துக்கொண்டது. மீதி 3,115. மறுபடி வந்த 3,450 தவணை அதனால் மறுபடி திரும்பியது, மறுபடி 295. பணம் போட்ட பிறகும் ஏன் திரும்பியது என்று புரியாமல் தவிக்கிறவர்கள் பாஸ்புக்கில் பார்க்க வேண்டிய வரி இதுதான். `RTN CHG` அல்லது அதுபோன்ற எழுத்து, பணம் வரவான அதே நாளில், அதற்கு அடுத்த வரியிலேயே இருக்கும்.

## முதலில், எந்தப் பிடித்தம் எங்கே பதிவாகியிருக்கிறது

நிறுத்தும் வழி அதைப் பொறுத்தது. மூன்று வகை உண்டு.

தவணை, பிரீமியம், எஸ்ஐபி போன்றவை பெரும்பாலும் நாச் மேண்டேட், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நாம் வங்கிக்குக் கொடுத்த அனுமதி. பாஸ்புக்கில் `ACH` அல்லது `NACH` என்று தெரியும். இது வங்கிக் கணக்கோடு கட்டப்பட்டது. கார்டை முடக்கினாலும், போனை மாற்றினாலும் இது நிற்காது. ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் `UMRN` என்ற, எழுத்தும் இலக்கமும் கலந்து 20 இடம் கொண்ட எண் உண்டு. வங்கியிடம் பேசும்போது அந்த எண்ணைச் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

இரண்டாவது, டெபிட் கார்டிலோ கிரெடிட் கார்டிலோ போட்ட இ-மேண்டேட். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் வங்கி வழியாக ஓடிபி போட்டு ரத்து செய்யலாம்.

மூன்றாவது யூபிஐ ஆட்டோபே. இதை யூபிஐ ஆப்பில் `AutoPay` என்ற இடத்தில் பார்த்து, யூபிஐ பின் போட்டு நிறுத்தலாம். இதிலும் பிடிக்கும் முன் தகவல் வரும்.

ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. நிற்காது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து கேள்வி கேட்பேன். ஓடிபியும் பின்னும் இருக்கும் இடத்திலிருந்து அதை நிறுத்தவோ மாற்றவோ முடியுமா? பணம் இல்லாமல் திரும்பினால் என்ன இழப்பு? பணம் அனுப்பும் செலவு எவ்வளவு கூடும்? விசா முடிந்தால் அது நிற்குமா, விழுமா? அந்தப் பணம் யார் கணக்கிலிருந்து போகலாம் என்று விதி சொல்கிறது? கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பல முடிவுகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

## வழி 1: அடியோடு ரத்து செய்வது

தேவையில்லாத சந்தாவுக்கு இதுதான் வழி, யோசிக்கவே வேண்டாம். படம் பார்க்கும் ஆப்பும் அப்படித்தான். ஷார்ஜாவில் அது இந்தியாவில் காட்டும் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. ஊரில் வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்றால் 299 வீண்.

கடனும் காப்பீடும் வேறு. வங்கியில் நாச் மேண்டேட்டை ரத்து செய்தால் பணம் பிடிப்பது நிற்கும், கடன் நிற்காது. தவணை தேதி அப்படியே இருக்கும், வட்டி ஏறும், சிபில் பதிவு கெடும். காப்பீட்டில் மாதப் பிரீமியத்துக்குப் பொதுவாக 15 நாள் சலுகைக் காலம், மூன்று மாதம், ஆறு மாதம், வருடம் என்று கட்டுவதற்கு 30 நாள். அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகும். எஸ்ஐபி மட்டும் இந்தக் கூட்டத்தில் இளகியது. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலேயே நிறுத்தலாம், ஏற்கெனவே போட்ட பணம் அப்படியே இருக்கும்.

ரத்து செய்யும்போது வரிசை முக்கியம். முதலில் பணம் வாங்குகிறவரிடம் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அப்புறம் வங்கியில் மேண்டேட்டை ரத்து செய்ய வேண்டும். நிறுவனம் பதில் தராமல் இழுத்தடித்தால் வங்கியிலேயே நேரடியாக ரத்து கேட்கலாம். நிறுவனத்திடமிருந்து கடிதம் கொண்டுவா என்று கிளையில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, கணக்கு உங்களுடையது. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதி இருந்தால் ஷார்ஜாவிலிருந்தே செய்யலாம். இல்லாவிட்டால் கிளைக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் போக வேண்டும். பிடிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். முந்தின நாள் சொன்னால், அந்த மாதத்துக் கோப்பு ஏற்கெனவே போயிருக்கும்.

இன்னொன்று: ஒரு மாதத்துக்கு மட்டும் பிடிக்காமல் வைப்பதும் மேண்டேட்டை முழுவதும் ரத்து செய்வதும் வெவ்வேறு. கவுண்டரில் எதைக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

## வழி 2: தன் பெயரிலேயே, என்ஆர்ஓ கணக்கில் ஓடவிடுவது

வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை, வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், கேஒய்சி புதுப்பிக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடன் தவணைக்கும் எஸ்ஐபிக்கும் இந்த வழியே நல்லது என்பது என் கருத்து. காரணம் விதிதான். மியூச்சுவல் ஃபண்டில் மூன்றாம் நபர் கணக்கிலிருந்து பணம் ஏற்பதில்லை, முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும். மனைவி கணக்கிலிருந்து கணவர் எஸ்ஐபி கட்ட முடியாது. அதோடு கேஒய்சியில் வெளிநாடு வாழ் இந்தியர் என்று மாற்றி, என்ஆர்ஓ கணக்கையோ, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்ஆர்இ கணக்கையோ பதிய வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, கணக்கை மாற்றும்போது சில வங்கிகளில் கணக்கு எண்ணே மாறும். எண் மாறினால் பழைய நாச் மேண்டேட் எல்லாம் அடுத்த மாதமே திரும்பும். மாற்றுவதற்கு முன்பு, எண் மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். மாறும் என்றால் முதலில் புது எண்ணில் மேண்டேட் பதிவு செய்து, அதில் ஒரு தவணை பிடித்த பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும். இடையில் வரும் ஒரு மாதத் தவணையைக் கையால் கட்டிவிடலாம். நாச் படிவத்தில் கணக்கு வகைக்கு எஸ்பி என்பதற்குப் பக்கத்தில் எஸ்பி-என்ஆர்இ, எஸ்பி-என்ஆர்ஓ என்று தனிக் கட்டம் உண்டு. அவசரத்தில் பழைய பழக்கப்படி எஸ்பியில் டிக் போட்டால் பதிவு நிராகரிக்கப்படலாம்.

இரண்டாவது, என்ஆர்ஓ கணக்கின் வட்டியில் 30% வரியும் அதன் மேல் 4% செஸ்ஸும், ஆக 31.2% பிடிப்பார்கள். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை. அதனால் என்ஆர்ஓவில் மூன்று மாதத் தவணைக்கு மேல் குவிக்க வேண்டாம். பணத்தை என்ஆர்இக்கு அனுப்பி, தேவையானதை மட்டும் என்ஆர்ஓவுக்குத் தள்ளுங்கள். இந்தத் திசையில் தடை இல்லை. என்ஆர்ஓவிலிருந்து என்ஆர்இக்குத் திரும்பக் கொண்டுபோவதற்குத்தான் வரிப் படிவம், ஆடிட்டர் சான்று என்று வேலை வரும்.

## வழி 3: மனைவி கணக்குக்கு மாற்றுவது

வீட்டில் பயன்படும் சந்தா, கேபிள், பிராட்பேண்ட், மின்கட்டணம் எல்லாம் வீட்டில் இருப்பவர் கணக்கில் இருப்பதே சரி. பணம் மாதாமாதம் அங்கே போகத்தான் போகிறது. பிடிக்கும் முன் வரும் தகவல் அவர் போனில் வரும், வேண்டாம் என்றால் தன் யூபிஐ பின்னைப் போட்டு அவரே நிறுத்துவார். இந்த வழியின் பெரிய நன்மை அதுதான்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. கணவருடைய சிம் பழைய போனில், அந்தப் போன் வீட்டு அலமாரியில். ஷார்ஜாவில் அவர் வாட்ஸப்பில் காத்திருக்கிறார்.

"மச்சான், ஓடிபி வந்துச்சு, ஆனா நீங்க போட்டது முடிஞ்சு போச்சுன்னு சொல்லுது."

ஓடிபிக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அவர் கேட்டு, இவர் படித்து, அவர் போடுவதற்குள் காலாவதியாகிவிடும். இந்த ஏற்பாட்டைவிட, பிடித்தத்தையே மனைவி கணக்குக்கு மாற்றிவிடுவது எவ்வளவோ மேல்.

காப்பீட்டு பிரீமியத்தை மனைவி கணக்கிலிருந்து கட்டலாம். புது மேண்டேட் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும். கடன் தவணையையும் சில நிறுவனங்கள் குடும்பத்தார் கணக்கில் ஏற்கின்றன. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த மேண்டேட் திரும்பினால் விவகாரம் மனைவி பெயரில் வரும். அவருடைய கணக்கில் அந்த நாளில் 3,450 ரூபாய் நிற்கும் என்று உறுதி இருந்தால் மட்டும் மாற்றுங்கள். மாதக் கடைசியில் வரும் தவணையை அப்படி மாற்றுவது ஆபத்து. சம்பளம் வந்து சேர்ந்த சில நாளில் பிடிக்கும்படி தேதியையும் சேர்த்து மாற்றக் கேளுங்கள்.

கணவர் கணக்கையே மனைவி இயக்க வேண்டும் என்றால் ஏடிஎம் கார்டையும் பின்னையும் கொடுப்பது வழியல்ல. வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுத்துவிட்டால் என்ஆர்ஓ, என்ஆர்இ இரண்டிலிருந்தும் உள்ளூர்ச் செலவுகளை அவர் செய்யலாம்.

## வழி 4: வெளிநாட்டுக் கார்டைக் கொடுப்பது

இதைத்தான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள், இதுதான் எனக்குக் கடைசி. கமிஷனைப் பார்த்து நான் இப்படிச் சொல்லவில்லை. 130 ரூபாய்க்கு 3% கூடப் பிடித்தாலும் நான்கு ரூபாய்தான்.

உண்மையான சிக்கல், பல இந்திய நிறுவனங்களின் கட்டணப் பக்கம் வெளிநாட்டுக் கார்டை ஏற்பதே இல்லை. ஒருமுறை ஏற்றாலும் மாதாமாதம் தானாகப் பிடிக்க விடாது. கடன் தவணையை இப்படிக் கட்டும் பேச்சே இல்லை. அடுத்து, 24 மணி நேர முன்தகவல் விதி இந்திய வங்கி கொடுத்த கார்டுகளுக்குத்தான். வெளிநாட்டுக் கார்டில் சந்தா விலை ஏறினால், ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது பெரியது. வளைகுடாவில் வங்கிக் கணக்கு விசாவோடு கட்டப்பட்டது. வேலை முடிந்து விசா ரத்தானால் கணக்கு பெரும்பாலும் முடக்கப்படும், கார்டும் போகும். ஊருக்குத் திரும்பி, கையில் வருமானம் இல்லாத மாதத்தில், கட்டணமும் நிற்கும்.

கட்டணப் பக்கத்தில் ரூபாயிலா திர்ஹமிலா என்று கேட்டால் ரூபாயையே தொடுங்கள். திர்ஹமில் காட்டும் தொகையில் அவர்கள் வைத்த மாற்று விகிதம் ஒளிந்திருக்கும், அது பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசம்.

இது பொருந்துவது ஒன்றே ஒன்றுக்கு: போன் நிறுவனத்தின் சேமிப்புச் சந்தா போன்ற, எந்த நாட்டிலும் ஓடும் சேவை. அதற்கும் ஆப் கடையில் பதிந்த நாட்டை மாற்ற வேண்டியிருக்கும். கூகுள் பிளேயில் நாட்டை வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும், இந்திய இருப்பு புது நாட்டில் பயன்படாது. ஆப்பிளில் ஓடும் சந்தாக்களை நிறுத்தி, இருப்பைச் செலவழித்த பிறகுதான் மாற்ற விடும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவர் 130 ரூபாய்க்காக இதைச் செய்ய வேண்டாம்.

## வழியே அல்லாத ஒன்று: கணக்கை வற்ற விடுவது

பணம் இல்லாவிட்டால் பிடிக்க மாட்டார்கள், தானாக நின்றுவிடும் என்பது ஊரில் பலர் சொல்லும் யோசனை. எஸ்ஐபி ஒன்றில் அது ஓரளவு உண்மை, தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் ரத்தாகும். அதற்குள் மூன்று முறை அபராதம்.

கடனில் இது கோர்ட் விவகாரம். பணம் செலுத்தும் முறைகள் பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, கடனுக்கான மின்னணுப் பிடித்தம் இருப்பு இல்லாமல் திரும்பினால் அது செக் பவுன்ஸ் மாதிரியான குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. ஆனால் நோட்டீஸ் போவது பெரியபட்டினத்து முகவரிக்கு, அவர் இருப்பது ஷார்ஜாவில். வீட்டில் பதிவுத் தபால் எது வந்தாலும் அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வையுங்கள்.

## ஒரு பார்வையில்

| | ரத்து | என்ஆர்ஓவில் ஓடவிடல் | மனைவி கணக்கு | வெளிநாட்டுக் கார்டு |
|---|---|---|---|---|
| கடன் தவணை | கூடாது | சிறந்தது | இருப்பு உறுதியானால் | முடியாது |
| காப்பீடு | கூடாது | சரி | சிறந்தது | நம்ப முடியாது |
| எஸ்ஐபி | செய்யலாம் | இதுதான் வழி | விதி இடம் தராது | முடியாது |
| வீட்டுச் சந்தா | பார்க்காவிட்டால் | தேவையில்லை | சிறந்தது | வேண்டாம் |
| விசா முடிந்தால் | – | கணக்கு வகையை மாற்றினால் போதும் | பாதிப்பில்லை | நின்றுவிடும் |

## அவருக்கு எப்படிப் பிரிந்தது

படம் பார்க்கும் ஆப் ரத்து. சேமிப்புச் சந்தா மனைவியின் யூபிஐ ஆட்டோபேக்குப் போனது. பிரீமியம் 1,920 மனைவி கணக்கில், புது மேண்டேட்டில். தவணையும் எஸ்ஐபியும் என்ஆர்ஓவில், மாதம் 4,450.

மிச்சம் இருந்தது பணம் அனுப்பும் செலவு. எக்ஸ்சேஞ்சில் ஒருமுறை அனுப்ப 20 திர்ஹம், திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் 480 ரூபாய். தவணைக்கென்று தனியாக மாதாமாதம் அனுப்பினால் வருடத்துக்கு 5,760. அதனால் ஒரே அனுப்புதலாக எல்லாவற்றையும் என்ஆர்இக்கு அனுப்பி, அங்கிருந்து மனைவி கணக்குக்கும் என்ஆர்ஓவுக்கும் நெட் பேங்கிங்கில் பிரித்துவிடுகிறார். இந்தியாவுக்குள் ஆன்லைன் நெஃப்டுக்குக் கட்டணம் இல்லை. கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1,500 திர்ஹம் அனுப்பும்போது விகிதத்தில் 20 பைசா குறைந்தால் 300 ரூபாய் போய்விடும். கட்டணம் இல்லை என்று சொல்லும் இடத்தில் அது விகிதத்தில் இருக்கும்.

## இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சிம்

மேலே சொன்ன எந்த வழியும் வங்கியில் பதிந்த எண் உயிரோடு இருந்தால்தான் நடக்கும். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம். துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும், உங்கள் வங்கி ஓடிபியும் அவருக்குப் போகும்.

என் யோசனை, வங்கி சிம்மை அலமாரியில் வைக்காமல் தன்னோடு கொண்டுபோவது. இரண்டு சிம் போனில் போட்டு, கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறந்து, வேலிடிட்டி முடியாமல் ரீசார்ஜ் செய்தால் போதும். டேட்டா ரோமிங்கை மூடிவையுங்கள், அந்த சிம்மில் அழைப்பை எடுக்காதீர்கள், இரண்டுக்கும் காசு போகும். யூபிஐ ஆப்பை இந்தியாவில் இருக்கும்போதே அந்தப் போனில் பதிந்துவிடுங்கள். புதுப் போனுக்கு மாற்றினால் அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், ரோமிங்கில் அது அடிக்கடி தோற்கும்.

சிம் ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. 2023 முதல் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் எண்ணிலேயே யூபிஐயில் இணைக்க அனுமதி உண்டு. எல்லா வங்கியும் தருவதில்லை. உங்கள் வங்கி தருகிறதா என்று கேட்டுவிட்டு, தரும் என்றால் வங்கியில் பதிந்த எண்ணையே ஷார்ஜா எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். விசா முடிந்து திரும்பும் முன்பு, அந்த எண் கையில் இருக்கும்போதே, இந்திய எண்ணுக்கு மறுபடி மாற்றிவிட வேண்டும்.